தேர்வுக் குழு விரல் வைத்துத் தேடும் சி.வி.: வெளியீடு, கற்பித்தல், நிதி மூன்றையும் அடுக்கும் முறை

போன நவம்பரில் கோத்தகிரியிலிருந்து ஒரு பெண் என்னைப் பார்க்க வந்தாள். என்னிடம் எம்.எஸ்சி. படித்தவள். சீகை மரங்களை அகற்றிய இடத்தில் மலைப் புல்வெளி எப்படித் திரும்பி வருகிறது என்பதில் முனைவர் பட்டம் முடித்திருக்கிறாள். உதவிப் பேராசிரியர் பணிக்கு இரண்டு முறை நேர்காணல் வரை போய்த் திரும்பியாயிற்று. "பதினாலு பக்கம் இருக்கு மேடம், ஆனா உள்ளே போனதும் அதையே திரும்பக் கேக்குறாங்க, எத்தனை பேப்பர், எத்தனை வருஷம் டீச்சிங்னு" என்றாள். வெளியே மழையும் மூட்டமும், கரண்ட் வேறு இல்லை, ஜன்னல் ஓரம் உட்கார்ந்து அந்தப் பதினான்கு பக்கத்தையும் புரட்டினேன். அவளிடம் சரக்கு இருந்தது. ஆனால் குழுவில் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு அது கையில் அகப்படாது.

பாட வல்லுநராக நான் சில தேர்வுக் குழுக்களில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு நாளில் இருபது பேருக்கு மேல் பார்த்த நாளும் உண்டு. முந்தைய ஆள் எழுந்து வெளியே போய் அடுத்தவர் கதவைத் தட்டுவதற்குள் கோப்பைத் திறந்து நான் தேடுவது மூன்றே விஷயம்: இவரே முன்னின்று எழுதிய கட்டுரைகள் எத்தனை, முழுதாக எந்தப் பாடத்தை எத்தனை ஆண்டு நடத்தினார், இவர் பெயரில் பணம் வந்ததா. அந்த நேரத்தில் யாரும் சி.வி.யை 'வாசிப்பது' கிடையாது. விரலை வைத்து இடது ஓரமாகக் கீழே இழுத்துக்கொண்டே போவோம், அவ்வளவுதான். கீழே சொல்லும் எல்லாமே அந்த விரலை மனத்தில் வைத்துச் சொல்வதுதான்.

முதலில், யார் பார்க்கிறார்கள் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

நம் ஊரில் ஒரே சி.வி. இரண்டு கைகளுக்குப் போகிறது. முதல் கை, விண்ணப்பங்களை வடிகட்டும் அலுவலகமும் அதற்கான சிறு குழுவும். அவர்களிடம் மதிப்பெண் அட்டவணை இருக்கும். யுஜிசியின் 2018 விதிமுறையைப் பின்பற்றும் பல்கலைக்கழகம் என்றால் உதவிப் பேராசிரியருக்கான வடிகட்டலில் ஆய்வுக் கட்டுரை ஒன்றுக்கு 2 மதிப்பெண், அதிகபட்சம் 10. கற்பித்தல் அல்லது முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு அனுபவத்துக்கு ஆண்டுக்கு 2, அதிலும் அதிகபட்சம் 10. அதாவது ஐந்து நல்ல கட்டுரைகளோடு அந்தக் கட்டம் நிரம்பிவிடுகிறது, ஆறாவதுக்கு அங்கே மதிப்பு இல்லை. இது தெரியாமல்தான் பலரும் கருத்தரங்கச் சுருக்கங்களை எல்லாம் கட்டுரையாகக் காட்டி எண்ணிக்கையை ஊத வைக்கிறார்கள். லாபம் ஒன்றுமில்லை, சந்தேகம்தான் மிச்சம்.

இரண்டாவது கை, நேர்காணல் குழு. மேலே சொன்ன விதிமுறைப்படி, அந்த மதிப்பெண் உங்களை நேர்காணல் வாசல் வரைக்கும்தான் கொண்டுவிடும், அதற்குப் பிறகு தேர்வு நேர்காணலை வைத்தே. அங்கே எண்ணிக்கையைவிட 'இதில் உன் பங்கு என்ன' என்பதுதான் கேள்வி. ஆக, முதல் கைக்கு எண்ண வசதியாக இருக்க வேண்டும், இரண்டாம் கைக்குப் பங்கு தெரிய வேண்டும். நல்லவேளையாக இரண்டையும் ஒரே அடுக்கில் செய்துவிடலாம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பல இடங்களில் தங்களுக்கென்று விண்ணப்பப் படிவம் வைத்திருப்பார்கள், அதை நிரப்பித்தான் ஆக வேண்டும், சி.வி. அதற்கு மாற்று ஆகாது. ஆனால் படிவத்தில் 9 கட்டுரை என்றும் சி.வி.யில் 11 என்றும் இருந்தால் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.

வெளியீடுகள்: இங்கேதான் அதிக வேலை

அவளுடைய சி.வி.யில் 'வெளியீடுகள்' என்ற ஒரே தலைப்பின் கீழ் 26 வரிகள் இருந்தன, ஆண்டு வாரியாக. பார்க்க நிறைவாகத்தான் இருந்தது. ஒவ்வொன்றையும் ஒரு எக்செல் தாளில் ஏற்றச் சொன்னேன்: ஆண்டு, வகை, நிலை, மொத்த ஆசிரியர்கள், அவள் எத்தனையாவது, தொடர்பு ஆசிரியரா இல்லையா, இதழ், ஐ.எஸ்.எஸ்.என்., டி.ஓ.ஐ. என்று ஒன்பது நெடுவரிசை. ஒரு சாயங்காலம் பிடித்தது. 'வகை' நெடுவரிசையை வைத்து வரிசைப்படுத்தியதும் உண்மை வெளியே வந்தது: இதழ்க் கட்டுரை 9, நூல் அத்தியாயம் 2, கருத்தரங்கச் சுருக்கம் 11, பரிசீலனையில் இருப்பது 1, பத்திரிகையில் பொதுமக்களுக்காக எழுதியது 2, 'தயாரிப்பில்' என்று 1.

26 என்று நினைத்துப் புரட்டுகிறவர் நடுவில் எங்கோ 'இது சுருக்கம்தானே' என்று கண்டுபிடித்தால் அதோடு மீதி எல்லாவற்றையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார். 9 என்று நாமே சொல்லிவிட்டால் அந்த 9-உம் நிற்கும்.

எனவே தனித்தனித் தலைப்புகள். முதலில் இதழ்க் கட்டுரைகள், அப்புறம் நூல் அத்தியாயங்கள், அப்புறம் பரிசீலனையில் உள்ளவை, கடைசியாகக் கருத்தரங்குகள். பத்திரிகைக் கட்டுரைகளைச் சமூகப் பணி என்ற சிறு தலைப்புக்குக் கீழே கொண்டுபோய்விட்டோம், அவை அங்கே அழகாகவே இருக்கின்றன. 'தயாரிப்பில்' இருந்ததை எடுத்தே விட்டோம். அவள் முகம் வாடியது. ஆனால் தயாரிப்பில் இருக்கும் கட்டுரை என்பது குழுவுக்கு எதையும் நிரூபிப்பதில்லை, என்னிடமும்தான் பத்து வருடமாகத் தயாரிப்பில் ஒன்று இருக்கிறது. பரிசீலனையில் இருப்பதற்கு இதழின் பெயரும் அனுப்பிய மாதமும் போடலாம். ஏற்கப்பட்டது என்றால் ஏற்புக் கடிதம் இணைப்பில் இருக்க வேண்டும். இந்த இரண்டு நிலைகளையும் அச்சான கட்டுரைகளோடு கலக்கவே கூடாது.

ஒவ்வொரு தலைப்புக்கும் பக்கத்தில் அடைப்புக்குள் எண்ணிக்கை போடுங்கள்: 'இதழ்க் கட்டுரைகள் (9)'. வரிசை எண்ணைத் தலைகீழாகக் கொடுப்பது என் பழக்கம், புதியது மேலே 9 என்றும் பழையது கீழே 1 என்றும். மேலே பார்த்ததுமே மொத்தம் தெரிந்துவிடும், எண்ணிப் பார்க்க வேண்டியதில்லை.

அடுத்து, உங்கள் பங்கு. ஆசிரியர் வரிசையை அச்சில் உள்ளபடியே எழுதுங்கள், உங்கள் பெயரை மட்டும் தடித்த எழுத்தில். உங்கள் பெயரை முன்னால் நகர்த்துவது, 'மற்றும் பலர்' போட்டு உங்களுக்கு முன்னால் இருப்பவர்களை மறைப்பது, இதெல்லாம் டி.ஓ.ஐ.யைத் தட்டியதும் தெரிந்துவிடும். தொடர்பு ஆசிரியர் என்றால் பெயருக்கு மேல் ஒரு நட்சத்திரக் குறி, அந்தக் குறிக்கான விளக்கம் தலைப்புக்குக் கீழே ஒரே வரியில். இது வெறும் அழகுக்காக இல்லை. 2018 விதிமுறையின் ஆய்வு மதிப்பெண் கணக்கில் இரண்டு பேருக்கு மேல் எழுதிய கட்டுரை என்றால் முதல் அல்லது தொடர்பு ஆசிரியருக்கு 70 சதவீதம், மற்ற ஒவ்வொருவருக்கும் 30 சதவீதம். இரண்டே பேர் என்றால் ஆளுக்கு 70.

அவள் கணக்கைப் பார்ப்போம். 9 கட்டுரைகளிலும் மூன்று பேர் அல்லது அதற்கு மேல். நான்கில் அவள் முதல் ஆசிரியர், ஒன்றில் இரண்டாவது பெயர் ஆனால் தொடர்பு ஆசிரியர், மீதி நான்கில் நடுவில் எங்கோ. அறிவியல் பாடங்களுக்கு ஒரு கட்டுரையின் அடிப்படை மதிப்பெண் 8, தாக்கக் காரணிக்கான கூடுதலை இப்போதைக்கு விட்டுவிடுவோம். ஐந்து கட்டுரைக்கு 5.6 வீதம் 28, நான்குக்கு 2.4 வீதம் 9.6, மொத்தம் 37.6. அந்த நட்சத்திரக் குறியைப் போடாமல் விட்டால் எண்ணுகிற எழுத்தர் இரண்டாவது பெயரைப் பார்த்துவிட்டு 30 சதவீதத்தில்தான் சேர்ப்பார், அங்கேயே 3.2 போயிற்று. உதவிப் பேராசிரியர் வடிகட்டலில் இந்தக் கணக்கு வராது, ஆனால் இணைப் பேராசிரியருக்கு மொத்தம் 75 வேண்டும் என்கிற இடத்தில் ஒவ்வொரு தசமமும் உறைக்கும். அப்போது போய்க் குறி போட்டுக்கொள்ளலாம் என்று விட்டால் எந்தக் கட்டுரையில் யார் தொடர்பு ஆசிரியர் என்று உங்களுக்கே மறந்திருக்கும்.

இயற்பியல்காரர்களுக்குத் தனிச் சிக்கல் உண்டு. ஊட்டியில் காஸ்மிக் கதிர்களை அளக்கும் கிரேப்ஸ்-3 மாதிரியான கூட்டாய்விலிருந்து வரும் கட்டுரையில் பெயர்கள் பத்தி பத்தியாக ஓடும், அகர வரிசையில் இருந்தால் இடத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அங்கே மட்டும், வரிக்குக் கீழே சிறிய எழுத்தில் அரை வாக்கியம்: 'மியூவான் தரவின் பிழைத்திருத்தம் என் பொறுப்பு' என்பது போல. எல்லாக் கட்டுரைக்கும் இப்படி எழுத ஆரம்பித்தால் பக்கம் நிரம்பி வழியும், பெயர் வரிசை உண்மையைச் சொல்லாத இடத்துக்கு மட்டும் போதும்.

ஆக, ஒரு வரி இப்படி நிற்கும். நீங்கள் ஆங்கிலத்தில்தான் எழுதுவீர்கள், அடுக்கு ஒன்றுதான்:

> 9. ஆசிரியர் அ, உங்கள் பெயர்*, ஆசிரியர் இ (2024). கட்டுரைத் தலைப்பு. *இதழின் பெயர்*, தொகுதி, பக்கங்கள். ஐ.எஸ்.எஸ்.என்., டி.ஓ.ஐ. [இணைப்பு 14]

அந்தக் கடைசி 'இணைப்பு 14' மிக முக்கியம். சான்றொப்பமிட்ட நகல்களைக் கட்டாகக் கொடுக்கிறோம் இல்லையா, அதில் எந்தத் தாள் என்ற எண். சரிபார்க்கிறவர் நூறு பக்கத்தைப் புரட்டித் தேடிக் களைத்துப்போனால், கிடைக்காததை இல்லை என்று எழுதிவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுவார்.

இதழ் பட்டியல் பற்றி ஒரு வார்த்தை. யுஜிசி-கேர் பட்டியலை 2025 பிப்ரவரியில் யுஜிசி நிறுத்திவிட்டது. பழைய கட்டுரைகளுக்குப் பக்கத்தில் 'யுஜிசி-கேர்' என்று போட்டிருந்தால், கட்டுரை வந்த ஆண்டில் இதழ் பட்டியலில் இருந்ததற்கான பக்கத்தை நகலெடுத்து இணைப்பில் வையுங்கள், இல்லையென்றால் அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள். ஸ்கோபஸ் பெயரைப் போடுவதற்கும் இதே கதைதான், இதழ்கள் அந்தப் பட்டியலிலிருந்து நீக்கப்படுவது உண்டு. எச்-இண்டெக்ஸ் போடுவதாக இருந்தால் எங்கே, எந்தத் தேதியில் பார்த்தது என்று சேர்த்துப் போடுங்கள். கூகுள் ஸ்காலர் கணக்கு பொதுவாக ஸ்கோபஸைவிடப் பெரிதாகத்தான் காட்டும், குழுவில் உள்ளவர்களுக்கும் அது தெரியும்.

கற்பித்தல்: தேதிகள் பேச வேண்டும்

அவள் எழுதியிருந்தது ஒரே வரி: '2018 முதல் 2024 வரை 6 ஆண்டுக் கற்பித்தல் அனுபவம்.' உண்மையில் நடந்தது என்ன? 2018 ஜூன் முதல் 2019 ஏப்ரல் வரை ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். அப்புறம் ஆய்வேட்டு வேலை. 2022 மார்ச்சில் பட்டம் வந்த பிறகு 2022 ஜூன் முதல் 2023 ஏப்ரல், மறுபடி 2023 ஜூன் முதல் 2024 ஏப்ரல். மூன்று தடவை, ஒவ்வொன்றும் 11 மாதம். மொத்தம் 33 மாதம்தான், 6 ஆண்டு இல்லை. பொய் சொல்ல வேண்டும் என்று எழுதவில்லை, எல்லாரும் இப்படித்தான் எழுதுகிறார்கள் என்று எழுதியிருக்கிறாள்.

இதில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. அவள் 2016-இல் முழுநேர ஆய்வாளராகப் பதிவு செய்தவள். முனைவர் பட்டத்துக்குச் செலவான காலத்தை அனுபவமாகக் கணக்கில் எடுப்பதில்லை என்பது விதி, எந்த விடுப்பும் எடுக்காமல் ஆசிரியப் பணியில் இருந்துகொண்டே ஆய்வு செய்கிறவர்களுக்குத்தான் விலக்கு. அதனால் முதல் 11 மாதம் கணக்கில் வராது, மீதி 22 மாதத்தை எடுத்துக்கொள்வதும்கூட நியமன முறையையும் சம்பளத்தையும் பொறுத்தது. அதற்காக 2018-ஐ மறைக்கச் சொல்லவில்லை. தேதியோடு போட்டு, 'ஆய்வுக் காலத்தில்' என்று பக்கத்திலேயே எழுதிவிட்டோம். வடிகட்டுகிறவர் அதை விட்டுவிடுவார், நேர்காணலில் இருப்பவருக்கு அது வகுப்பறை அனுபவமாகவே தெரியும்.

கற்பித்தலுக்கு அட்டவணைதான் சரி, பத்தியாக எழுதவே கூடாது. இடது ஓரம் தேதி, மாதத்தோடு. அடுத்து நிறுவனமும் பணியின் தன்மையும். அப்புறம் இளநிலையா முதுநிலையா, எந்தப் பாடம், வாரத்துக்கு எத்தனை மணி. கடைசியில் இணைப்பு எண், அனுபவச் சான்றிதழுக்காக. இதில் 'எந்தப் பாடம்' என்கிற இடத்தில் பலரும் 'தாவரவியல்' என்று மட்டும் போட்டுவிடுகிறார்கள். அது துறையின் பெயர். 'தாவரச் சூழலியல், இளநிலை மூன்றாம் ஆண்டு, முழுப் பாடமும்' என்று இருந்தால்தான் எங்கள் துறையில் யார் ஓய்வு பெற்ற இடத்தை இவள் நிரப்புவாள் என்று யோசிக்க முடியும். முழுப் பாடம் நடத்தியதையும், இரண்டு அலகு மட்டும் எடுத்ததையும், செய்முறை வகுப்பில் உதவியதையும் பிரித்துப் போடுங்கள்.

அவள் விட்டுவிட்டிருந்த ஒன்றை நான்தான் சேர்க்கச் சொன்னேன். ஒவ்வொரு ஆண்டும் மாணவர்களை லாங்வுட் சோலைக்குக் கூட்டிப்போய் சதுரக் கட்டம் போட்டுச் செடி எண்ண வைத்திருக்கிறாள், அதற்கான கையேட்டையும் தானே எழுதியிருக்கிறாள். 'பாடத்திட்டம், கையேடு' என்று அட்டவணைக்குக் கீழே ஒரு வரி. மாணவர் கருத்துப் படிவம், புதுமையான கற்பித்தல் என்று அரைப் பக்கம் எழுதுவதைவிட இந்த ஒரு வரி மேல்.

நிதி: யார் பெயரில் வந்தது

இந்தப் பகுதிதான் அவளை நேர்காணலில் கவிழ்த்தது. ஐந்து வரி இருந்தது. முதல் வரி 38 லட்ச ரூபாய்த் திட்டம். பெரிய தொகை என்பதால் மேலே வைத்திருந்தாள். ஆனால் அதில் அவள் இளநிலை ஆய்வாளர், முதன்மை ஆய்வாளர் அவளுடைய வழிகாட்டி. குழுவில் ஒருவர் "இந்த 38 லட்சத்துக்கு நீங்க என்ன எழுதினீங்க" என்று கேட்க, இவள் திணற, அத்தோடு போயிற்று. இரண்டாவது வரி அவளுடைய முனைவர் பட்ட உதவித்தொகை, மூன்றாவது மாநாட்டுக்குப் போக வந்த பயணச் செலவு, நான்காவது அவள் தானே விண்ணப்பித்து வாங்கிய 4 லட்சம், ஐந்தாவது அனுப்பி முடிவு தெரியாத முன்மொழிவு.

நிதி என்ற தலைப்பின் கீழ் நீங்கள் முதன்மை ஆய்வாளராகவோ இணை ஆய்வாளராகவோ இருந்தது மட்டும்தான் வர வேண்டும். அவளுக்கு அது ஒன்றே ஒன்று, அந்த 4 லட்சம். உதவித்தொகையும் பயண உதவியும் விருதுகளுக்குக் கீழே போயின, அங்கே அவற்றுக்கு மரியாதை உண்டு. 38 லட்சத் திட்டம் ஆய்வு அனுபவத்துக்குப் போனது, தொகை இல்லாமல். முடிவு தெரியாத முன்மொழிவை 'பரிசீலனையில்' என்ற துணைத் தலைப்போடு வைக்கலாம், ஒன்றுக்கு மேல் வேண்டாம். நிராகரிக்கப்பட்டவற்றைப் போடவே வேண்டாம்.

வரியின் முதல் சொல்லே பங்கு ஆகட்டும், தொகை இரண்டாவது. 'முதன்மை ஆய்வாளர் | ரூ. 4 லட்சம் | 2023–24 | நிதி தந்த அமைப்பு | திட்டத் தலைப்பு | முடிந்தது | இணைப்பு 22'. முடிந்ததா நடக்கிறதா என்பதை விட்டுவிடாதீர்கள். 2018 கணக்கில் 10 லட்சத்துக்குக் குறைவான திட்டம் முடிந்திருந்தால் 5, நடந்துகொண்டிருந்தால் 2 தான், 10 லட்சத்துக்கு மேல் என்றால் முறையே 10, 5. முதன்மை ஆய்வாளரும் இணை ஆய்வாளரும் ஆளுக்குப் பாதி. பல நிறுவனங்கள் சேர்ந்த திட்டமாக இருந்தால் மொத்தத் தொகையும் உங்கள் பக்கம் வந்ததும் இரண்டையும் எழுதுங்கள், மொத்தத்தை மட்டும் எழுதினால் அந்த 38 லட்சக் கதைதான். செர்ப் தந்த திட்டங்களுக்கு அனுமதிக் கடிதத்தில் உள்ள பெயரையே எழுதி, 'இப்போது ஏ.என்.ஆர்.எஃப்.' என்று சேர்த்துவிட்டால் யாருக்கும் குழப்பம் வராது.

முதல் பக்கம் கடைசியாக எழுதுவது

எல்லாம் அடுக்கிய பிறகுதான் முதல் பக்கம். மேலே பெயர், தொடர்பு, ஆர்கிட் எண். ஆர்கிட் பக்கத்தில் உள்ள பட்டியலும் சி.வி.யும் ஒத்துப்போகிறதா என்று ஒருமுறை பாருங்கள், அவளுடையதில் இரண்டு கட்டுரை குறைவாக இருந்தது. பிறகு படிப்பும் நெட், செட் தகுதியும். அதற்கு அடுத்து நான்கு வரிச் சிறு கட்டம்: இதழ்க் கட்டுரை 9, அதில் முதல் அல்லது தொடர்பு ஆசிரியர் 5, நூல் அத்தியாயம் 2, கற்பித்தல் 33 மாதம், அதில் பட்டத்துக்குப் பின் 22, முதன்மை ஆய்வாளராக நிதி 1, ரூ. 4 லட்சம். 'கடின உழைப்பாளி, குழுவாகப் பணியாற்றும் திறன்' என்ற குறிக்கோள் பத்தி அவளிடம் இருந்த இடத்தில்தான் இந்தக் கட்டம் உட்கார்ந்தது. தந்தை பெயர், பிறந்த தேதி எல்லாம் படிவம் கேட்டால் படிவத்தில்.

கற்பித்தல் முன்னாலா வெளியீடு முன்னாலா? கலை அறிவியல் கல்லூரி என்றால் கற்பித்தலை முன்னால் வையுங்கள், கொடைக்கானல் சூரிய ஆய்வகம் போன்ற ஆய்வு நிறுவனத்துக்கு என்றால் வெளியீடு, நிதி, அப்புறம் கற்பித்தல். மாற்ற வேண்டியது இந்த வரிசையை மட்டும்தான், உள்ளே எதையும் தொட வேண்டாம்.

எழுத்து 11 அளவு, தேதிகள் எல்லாப் பக்கத்திலும் ஒரே ஓரத்தில், ஒவ்வொரு பக்கத்தின் மேலும் பெயரும் '3/6' மாதிரி பக்க எண்ணும். பிடிஎஃப் கோப்பின் பெயர் `final_new2.pdf` என்று இருக்கக் கூடாது, உங்கள் பெயரும் பாடமும் இருக்கட்டும். நீலம், பச்சை என்று வண்ணத்தை வைத்து எதையும் பிரிக்காதீர்கள். குழுவில் பலருக்கும் கிடைப்பது கறுப்பு வெள்ளை நகல்தான். அவள் முதல் ஆசிரியர் கட்டுரைகளை ஆரஞ்சு நிறத்தில் காட்டியிருந்தாள். சேரிங்கிராஸ் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் நகல் எடுத்துப் பார்த்தோம், எல்லாம் ஒரே சாம்பல் நிறம், தடித்த எழுத்து மட்டும் அப்படியே நின்றது.

பதினான்கு பக்கம் ஆறு பக்கம் ஆனது. அதை எங்கள் கல்லூரித் தமிழ்த் துறை நண்பர் ஒருவரிடம் கொடுத்தேன், தாவரவியலுக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. மூன்று கேள்வி: இவளே முன்னின்று எழுதிய கட்டுரை எத்தனை, பட்டத்துக்குப் பின் எத்தனை மாதம் பாடம் நடத்தினாள், அவள் பெயரில் வந்த பணம் எவ்வளவு. பதில் எல்லாம் டீ ஆறுவதற்குள் வந்துவிட்டது. தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது அவர் கேட்டார்: "ரெண்டாம் பக்கத்துல பட்டம் 2022 மார்ச்னு இருக்கு, அஞ்சாம் பக்கத்துல மே-ன்னு இருக்கே, எது சரி?" நானும் அவளும் ஒரு வாரம் பார்த்தும் கண்ணில் படாதது. வாய்மொழித் தேர்வு மார்ச்சில், பட்டமளிப்பு விழா மேயில். தற்காலிகச் சான்றிதழில் இருந்த மார்ச் தேதியையே இரண்டு இடத்திலும் போட்டு அன்று ராத்திரியே அனுப்பினாள்.